ஒரே கன்டெய்னருக்கு மூன்று விலை: சரக்குக் கட்டணப் புள்ளிகளைக் கோருவதும் ஒப்பிடுவதும்

ஒரே சரக்கை ஒரே துறைமுகத்திலிருந்து ஒரே துறைமுகத்துக்கு எடுத்துச் செல்ல மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்கிறோம். முதல் நிறுவனம் கன்டெய்னருக்கு 1,850 டாலர் என்கிறது, இரண்டாவது 1,500 என்கிறது, மூன்றாவது 2,190 என்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் மலிவானதைத்தான் தேர்ந்தெடுத்தாரா என்பதை இந்த மூன்று எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதல் எண்ணில் எரிபொருள் கட்டணம் சேர்ந்திருக்கலாம். இரண்டாவதில் அது தனியாக வரலாம். மூன்றாவதில் இறங்கு துறைமுகத்தில் கன்டெய்னரைக் கையாளும் கட்டணம் வரை அடங்கியிருக்கலாம். விலைப்புள்ளிகள் இப்படி ஒப்பிட முடியாத வடிவில் வந்து சேர்வதற்குப் பெரும்பாலும் காரணம் அவற்றைத் தந்தவர்கள் அல்லர். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதாமல் "இந்த வழித்தடத்துக்கு உங்கள் சிறந்த விலையைத் தரவும்" என்று இரண்டு வரியில் அனுப்பப்பட்ட கோரிக்கைதான் காரணம். ஒப்பீடு நேர்மையாக அமையுமா என்பது, முதல் விலைப்புள்ளி வந்து சேர்வதற்கு முன்பே, அந்தக் கோரிக்கையை எழுதும்போது முடிவாகிவிடுகிறது.

சரக்குப் போக்குவரத்தில் பல வகைகள் இருந்தாலும், இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் இறக்குமதியாளர் ஆண்டுக்கு 100 கன்டெய்னர்களைக் கடல் வழியாகக் கொண்டுவருகிறார். எல்லாமே 40 அடி ஹை க்யூப் கன்டெய்னர்கள், சரக்கு மரச்சாமான்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 9 டன் எடை. அவர் எஃப்.ஓ.பி. முறையில் வாங்குகிறார். அதாவது கப்பலில் ஏற்றுவது வரையிலான செலவு விற்பவருடையது; கடல் கட்டணமும் இறங்கு துறைமுகச் செலவுகளும் வாங்குபவருடையவை. அவர் கப்பல்களை இயக்கும் சில ஷிப்பிங் லைன்களிடமும், அவற்றில் இடம் வாங்கித் தரும் ஃபார்வர்டர்களிடமும் ஆறு மாதத்துக்கான விலைப்புள்ளி கோருகிறார். பின்வரும் கட்டண எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. சந்தை நிலவரமாக அவற்றைக் கொள்ள வேண்டாம்.

கோரிக்கையில் இருக்க வேண்டியவை

முதலில் எழுத வேண்டியது, நிறுவனத்தின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. "துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு" என்று மட்டும் எழுதினால், ஒருவர் கப்பலின் பக்கவாட்டிலிருந்து கணக்கிடுவார், இன்னொருவர் கன்டெய்னர் யார்டின் வாசலிலிருந்து கணக்கிடுவார். "ஏற்று துறைமுகத்தின் கன்டெய்னர் யார்டிலிருந்து இறங்கு துறைமுகத்தின் கன்டெய்னர் யார்டு வரை, ஏற்று துறைமுகக் கையாளுதல் கட்டணம் விற்பவருடையது, இறங்கு துறைமுகக் கையாளுதல் கட்டணம் எங்களுடையது" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அடுத்தது அளவு. ஆண்டுக்கு 100 கன்டெய்னர் என்று எழுதினால், நிறுவனம் அதை வாரத்துக்கு இரண்டு என்று படித்துக்கொள்ளும். அதற்கேற்பவே கப்பலில் இடம் ஒதுக்கும். ஆனால் நம் இறக்குமதியாளருக்கு மந்தமான மாதங்களில் நான்கு கன்டெய்னரும், விற்பனைக் காலத்துக்கு முந்தைய மாதங்களில் பதினான்கு கன்டெய்னரும் வருகின்றன. ஒதுக்கீட்டுக்கு மேல் வருபவை அந்த நேரத்துச் சந்தை விலையில் போகும், அல்லது அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். எனவே அளவை மாதவாரியாகத் தர வேண்டும். விலை குறையும் என்று நம்பி அளவைக் கூட்டி எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது அப்போதைக்கு உதவுவதுபோல் தோன்றினாலும், சொன்ன எண்ணிக்கையில் புக்கிங் வராதபோது ஆறு மாத ஒப்பந்தத்தின் நடுவிலேயே ஒதுக்கீடு குறைக்கப்படும். குறைந்தபட்ச அளவுக்கு உறுதி கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், குறைந்த கன்டெய்னர்களுக்கு ஈடு கட்டவும் நேரிடும்.

கோரிக்கையின் நெஞ்சப்பகுதி விலை அட்டவணைதான். அதை நாமே தயாரித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த வடிவத்தில் விலை அனுப்ப அனுமதிக்கக் கூடாது. அட்டவணையில் கடல் கட்டணம் ஒரு வரி, எரிபொருள் கூடுதல் கட்டணம் ஒரு வரி, பிற கூடுதல் கட்டணங்கள் ஒவ்வொன்றும் பெயரோடு ஒரு வரி, இறங்கு துறைமுகக் கையாளுதல் கட்டணம் ஒரு வரி, ஆவணக் கட்டணம் ஒரு வரி என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தொகை, நாணயம், அது கன்டெய்னருக்கா அல்லது பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீது ஒன்றுக்கா என்ற அலகு ஆகிய மூன்றும் கேட்கப்பட வேண்டும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது என்றும், கட்டணம் இல்லையென்றால் பூஜ்யம் என்றும், வேறு வரியில் அடங்கியிருந்தால் "அடங்கியது" என்றும் எழுத வேண்டும் என்றும் குறிப்பிட வேண்டும். "கட்டண விதிப்படி" என்ற பதில் தொகையாகக் கொள்ளப்படாது என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. விதிப்படி என்றால் இன்றைய தேதியில் எவ்வளவு என்று அவர்களால் எழுத முடியும்.

அட்டவணையின் கடைசி வரியாக ஒரு நிபந்தனை வர வேண்டும்: இந்த அட்டவணையில் இல்லாத எந்தக் கட்டணமும், எழுத்துப்பூர்வமாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டாலொழிய, செலுத்தப்படாது. கோரிக்கை முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள வாக்கியம் இல்லை என்று கருதுகிறேன், ஏனெனில் கட்டணங்களின் முழுப் பட்டியலையும் தருவது நிறுவனத்தின் பொறுப்பாகிவிடுகிறது. அரசோ துறைமுக நிர்வாகமோ பிற்பாடு புதிதாக விதிக்கும் கட்டணத்துக்கு மட்டும், உரிய சான்றோடு, அதே தொகையில், என்று விதிவிலக்கு கொடுக்கலாம். அதைக்கூட மறுத்தால் பொறுப்பான நிறுவனங்கள் விலை தராமல் விலகிவிடும்.

எரிபொருள் வரிக்கு இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. 2020 ஜனவரி 1 முதல் உலகக் கடல்களில் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற பன்னாட்டு விதி நடைமுறையில் உள்ளது. அதனால் பல லைன்களின் எரிபொருள் கட்டணச் சூத்திரம் குறைந்த கந்தக எரிபொருளின் விலையை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலும் காலாண்டுக்கு ஒரு முறை மாற்றப்படுகிறது. எனவே இன்றைய தொகையை மட்டும் கேட்காமல், அது எந்த விலையோடு பிணைக்கப்பட்டுள்ளது, எப்போது மாறும் என்பதையும் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்களைத் தொடும் வழித்தடமாக இருந்தால் கார்பன் உமிழ்வுக்கான கட்டணத்துக்கும் தனி வரி தேவை. 2024 முதல் கப்பல்கள் ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டு, 2024-ஆம் ஆண்டின் உமிழ்வில் 40 சதவீதத்துக்கும், 2025-இல் 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுவதற்கும் விலைக்கு வாங்கிய உமிழ்வு உரிமம் ஒப்படைக்க வேண்டும் என்று படிப்படியாக உயர்த்தப்பட்டது. இந்த வரியைச் சேர்க்காமல் விலை தருபவர், சேர்த்துத் தந்தவரைவிட மலிவானவராகத் தோன்றுவார். பணம் கேட்டு விலைப்பட்டியல் வரும்போது அந்த வேறுபாடு இருக்காது.

இனி, பலர் ஒரு வரியில் கடந்துவிடும் இலவச நாட்கள். கன்டெய்னர் லைனுக்குச் சொந்தமானது. கப்பலிலிருந்து இறங்கிய பின் குறிப்பிட்ட நாட்கள் வரை அதை வாடகையின்றி வைத்திருக்கலாம். அதற்குமேல் துறைமுகத்துக்குள் இருக்கும் நாட்களுக்கு டெமரேஜும், வெளியே எடுத்த பிறகு காலிப் பெட்டியைத் திருப்பித் தராமல் வைத்திருக்கும் நாட்களுக்கு டிடென்ஷனும் விதிக்கப்படும். சில லைன்கள் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணிக்கையாகத் தருகின்றன. சில தனித்தனியாகத் தருகின்றன. "ஏழு நாள்" என்ற பதில் நாட்காட்டி நாளா வேலை நாளா, இறங்கிய நாளிலிருந்தா மறுநாளிலிருந்தா, சேர்த்தா தனியாகவா என்பதைச் சொல்லாதவரை அந்த ஏழுக்குப் பொருள் இல்லை. ஆகவே கோரிக்கையிலேயே "இறங்கிய மறுநாளிலிருந்து காலிப் பெட்டி திரும்பும் நாள் வரை, நாட்காட்டி நாட்களில், சேர்த்த எண்ணிக்கை" என்று அளவுகோலை நாமே வகுத்துவிட வேண்டும். இலவச நாட்கள் முடிந்தபின் ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

விலை எந்தத் தேதியின்படி பொருந்தும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கன்டெய்னர் துறைமுக வாசலுக்குள் நுழைந்த தேதியா, கப்பல் புறப்பட்ட தேதியா என்பது மாத இறுதியில் ஏற்றப்படும் சரக்குக்குப் பெரிய வேறுபாட்டைத் தரும்.

உறைகளைத் திறப்பதற்கு முன்

எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கோரிக்கை போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடைசித் தேதி இருக்க வேண்டும். ஒருவர் சந்தேகம் கேட்டு நாம் தரும் விளக்கம், கேட்டவரின் பெயர் இல்லாமல், எல்லோருக்கும் போக வேண்டும். ஒருவருடைய விலையை இன்னொருவரிடம் சொல்லிக் குறைக்கச் சொல்வது சில நாட்களுக்குப் பலன் தரும். அதற்குப் பிறகு நமக்கு வரும் முதல் விலை எப்போதும் கூட்டி வைத்த விலையாகவே இருக்கும், ஏனெனில் அது கடைசி விலையாக இருக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானது, எப்படி ஒப்பிடப்போகிறோம் என்பதை விலைகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைப்பது. விலைக்கு 60 மதிப்பெண், பயண நாட்களுக்கு 20, சேவைக்கு 20 என்று மதிப்பெண் போடும் முறை பரவலாக உள்ளது. அதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சேவைக்கு 14 மதிப்பெண்ணா 17 மதிப்பெண்ணா என்பதை முடிவு செய்பவர், பிடித்த நிறுவனத்தை முதலிடத்துக்குக் கொண்டுவரத் தேவையான மதிப்பெண்ணைத் தன்னையறியாமலே போட்டுவிட முடியும். பணமாக மாற்றக்கூடிய அனைத்தையும் பணமாக மாற்றிக் கூட்டிப் பார்ப்பதும், மாற்ற முடியாதவற்றைத் தகுதி நிபந்தனைகளாக வைப்பதும் இதைவிட நேரானது என்பது என் முடிவு.

மூன்று விலைப்புள்ளிகளின் கணக்கு

இப்போது விலைப்புள்ளிகள் வந்துவிட்டன. முதல் நிறுவனம் 1,850 டாலர், எரிபொருள் அடங்கியது என்கிறது. ஆவணக் கட்டணம் பில் ஆஃப் லேடிங் ஒன்றுக்கு 60 டாலர். இறங்கு துறைமுகக் கையாளுதல் கட்டணத்தில், வேண்டாம் என்று சொல்லியும், "விதிப்படி" என்றே எழுதியிருக்கிறது. இலவச நாட்கள் 5. அதற்குமேல் நாளுக்கு 80 டாலர். நேர்வழிக் கப்பல், 24 நாள் பயணம்.

இரண்டாவது நிறுவனத்தின் கடல் கட்டணம் 1,500. காலாண்டுதோறும் மாறும் எரிபொருள் கட்டணம் இப்போது 310. கையாளுதல் கட்டணம் 230, ஆவணம் பில்லுக்கு 75. இலவச நாட்கள் 10. அதற்குமேல் நாளுக்கு 100. நடுவில் ஒரு துறைமுகத்தில் வேறு கப்பலுக்கு மாற்றப்படும். 33 நாள் பயணம். மூன்றாவது நிறுவனம் எல்லாம் அடங்கிய 2,190. இலவச நாட்கள் 14. 27 நாள் பயணம். எரிபொருள் உட்பட ஆறு மாதத்துக்கு மாறாத விலை.

முதல் வேலை, விடுபட்ட கட்டத்தை நிரப்பச் சொல்வது. இதை முதல் நிறுவனத்திடம் மட்டும் எழுத்தில் கேட்கலாம். ஆனால் வேறு எந்த எண்ணையும் இந்தச் சாக்கில் மாற்ற அனுமதிக்கக் கூடாது. அவர்கள் 245 என்கிறார்கள். ஒரே துறைமுகமாக இருந்தாலும் இந்தக் கட்டணத்தை ஒவ்வொரு லைனும் தன் விதிப்படி வசூலிப்பதால், மற்றவரின் 230-ஐ எடுத்து இங்கே பொருத்தியிருந்தால் கணக்கு தவறியிருக்கும். பதில் வராமலே போனால், வந்தவற்றில் அதிகமான தொகையை அந்தக் கட்டத்தில் வைத்துக் கணக்கிடுவது நியாயமானது. வெறுமையாக விடுவதால் யாருக்கும் ஆதாயம் கிடைக்கக் கூடாது.

ஆவணக் கட்டணம் பில்லுக்குத்தான், கன்டெய்னருக்கு அல்ல. சென்ற ஆண்டு 100 கன்டெய்னர்களும் 40 பில்களில் வந்தன. ஆகவே முதல் நிறுவனத்தின் 60 டாலர், கன்டெய்னருக்கு 24 ஆகிறது. இரண்டாவதின் 75, கன்டெய்னருக்கு 30 ஆகிறது. இதன்படி விலைப்பட்டியலில் வரக்கூடிய தொகை முதல் நிறுவனத்துக்கு 2,119, இரண்டாவதுக்கு 2,070, மூன்றாவதுக்கு 2,190. முதலில் பார்த்தபோது உச்சத்துக்கும் அடிக்கும் 690 டாலர் இடைவெளி இருந்தது; அது 120 ஆகச் சுருங்கிவிட்டது.

அடுத்து இலவச நாட்கள். இதற்கு நிறுவனங்களின் விலைப்புள்ளியில் விடை இல்லை. நம்முடைய பழைய பதிவேட்டில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டின் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் இறங்கிய தேதியும் காலியாகத் திரும்பிய தேதியும் எடுக்கப்படுகின்றன. 50 கன்டெய்னர்கள் 5 நாளுக்குள் திரும்பியிருக்கின்றன. 30 கன்டெய்னர்கள் 8-ஆம் நாள். 20 கன்டெய்னர்கள் 12-ஆம் நாள். சராசரி எடுத்து "நமக்கு ஏழு நாள் ஆகிறது" என்று சொல்லிவிட்டால் இந்த விவரம் தொலைந்துபோகும். அபராதம் சராசரிக்கு விதிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக விதிக்கப்படுகிறது.

முதல் நிறுவனத்தின் 5 நாளில், 30 கன்டெய்னர்கள் மூன்று மூன்று நாளும், 20 கன்டெய்னர்கள் ஏழேழு நாளும் தாண்டுகின்றன. மொத்தம் 230 நாட்கள், 18,400 டாலர், அதாவது கன்டெய்னருக்கு 184. இரண்டாவதின் 10 நாளில், 20 கன்டெய்னர்கள் மட்டும் இரண்டிரண்டு நாள் தாண்டுகின்றன. 4,000 டாலர், கன்டெய்னருக்கு 40. மூன்றாவதின் 14 நாளை எந்தக் கன்டெய்னரும் தாண்டவில்லை.

கடைசியாகப் பயண நாட்கள். ஒரு கன்டெய்னரில் உள்ள சரக்கின் மதிப்பு 40,000 டாலர். நம் இறக்குமதியாளர் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மூலதனம் பெறுகிறார். சரக்குக்கான பணம் கப்பல் ஏறும்போதே போய்விடுகிறது. அப்படியானால் கடலில் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 13 டாலர் வட்டி ஆகிறது. 24 நாளை அடிப்படையாக வைத்தால், இரண்டாவது நிறுவனத்தின் கூடுதல் 9 நாளுக்கு 118 டாலரும், மூன்றாவதின் கூடுதல் 3 நாளுக்கு 39 டாலரும் சேர்கின்றன. இந்தத் தொகை யாருடைய விலைப்பட்டியலிலும் வராது என்பதால் இதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். கடனில் வாங்கி, சரக்கு வந்து சேர்ந்த பிறகே பணம் செலுத்துபவருக்கு இந்த வரி பூஜ்யமாகவும் இருக்கலாம்.

| கன்டெய்னருக்கு, டாலரில் | முதல் நிறுவனம் | இரண்டாவது | மூன்றாவது |
|---|---|---|---|
| விலைப்பட்டியல் தொகை | 2,119 | 2,070 | 2,190 |
| டெமரேஜ், டிடென்ஷன் | 184 | 40 | 0 |
| பயண நாள் வட்டி | 0 | 118 | 39 |
| மொத்தம் | 2,303 | 2,228 | 2,229 |

1,500-க்கும் 2,190-க்கும் இடையே இருந்த இடைவெளி ஒரே ஒரு டாலராகிவிட்டது. இந்த இடத்தில் 2,228 சிறியது என்பதற்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது கணக்கைத் தவறாகப் படிப்பதாகும். உள்ளே போன எண்களில் உள்ள நிச்சயமின்மை ஒரு டாலரைவிட மிகப் பெரியது. இரண்டாவதின் எரிபொருள் கட்டணம் அடுத்த காலாண்டில் 310-லிருந்து 370 ஆனால் அதன் மொத்தம் 2,288 ஆகிவிடும். எரிபொருள் விலை இறங்கினால் அதே அளவு ஆதாயமும் உண்டு. மூன்றாவதன் விலையில் அந்த ஏற்ற இறக்கத்தை நிறுவனமே சுமக்கிறது. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையிலான தேர்வு, ஆறு மாதச் செலவை முன்கூட்டியே அறிந்திருப்பது இறக்குமதியாளருக்கு எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்தது.

ஆனால் அட்டவணையில் உற்றுப் பார்க்க வேண்டியது முதல் நிறுவனத்தின் 184-ஐத்தான். அந்தத் தொகை இல்லாவிட்டால் மூவரில் மலிவானது அதுவே. எல்லாக் கன்டெய்னர்களும் ஐந்து நாளுக்குள் திரும்பினால் முதல் நிறுவனம் 2,119, இரண்டாவது 2,188, மூன்றாவது 2,229 என்று வரிசை அடியோடு மாறுகிறது. ஆக, எந்த நிறுவனம் மலிவானது என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இறக்குமதியாளரின் கிடங்கில் இருக்கிறது. அந்த 20 கன்டெய்னர்களும் ஏன் பன்னிரண்டு நாள் கிடந்தன என்று பார்க்க வேண்டும். சுங்க ஆவணம் தாமதமாக வந்ததா, கிடங்கில் இறக்க ஆள் இல்லையா, அல்லது ஒரே கப்பலில் ஒன்பது பெட்டிகள் சேர்ந்து வந்ததால் திணறியதா? முதல் காரணத்தை ஆவணங்களை முன்கூட்டியே அனுப்பச் செய்து சரிசெய்யலாம். கடைசிக் காரணமானால், அது நிறுவனத்தைப் பொறுத்து மாறக்கூடியது.

எண்ணில் அடங்காதவை

கப்பல் மாற்றி வரும் சரக்கின் தொல்லை பயண நாட்கள் கூடுவது மட்டுமன்று. நடுத் துறைமுகத்தில் நெரிசல் ஏற்படும்போது இரண்டு, மூன்று வாரச் சரக்கு அங்கே தேங்கி, பிறகு ஒரே கப்பலில் சேர்ந்து வரும். கிடங்கு நாளுக்கு இரண்டு பெட்டிதான் இறக்க முடியுமென்றால், கடைசிப் பெட்டிகள் தானாகவே இலவச நாட்களைத் தாண்டும். அதனால் இரண்டாவது நிறுவனத்துக்குப் போட்ட 40 டாலர் குறைமதிப்பாக இருக்க வாய்ப்புண்டு. சென்ற ஆண்டின் பதிவேடு வேறொரு கப்பல் வழியின் பதிவேடு. இதைச் சோதிக்க ஒரு வழி, வாக்களிக்கப்பட்ட பயண நாட்களை விட்டுவிட்டு, கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு வாரக் கப்பலும் உண்மையில் வந்து சேர்ந்த தேதிகளைக் கேட்பது. கோரிக்கையிலேயே இதைச் சேர்த்துவிடலாம். தேதிகளைத் துறைமுகத்தின் வருகைப் பதிவோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். தேதிகளுக்கு இடையே ஏழு, ஏழு, எட்டு நாள் என்று இடைவெளி இருந்தால் நிம்மதி. மூன்று, பதினாறு, இரண்டு என்று இருந்தால், பயண நாள் எதுவாயினும் கிடங்குக்குத் தொல்லைதான்.

சரக்கை இருவருக்குப் பிரித்துக் கொடுத்து ஆபத்தைக் குறைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எந்தக் கப்பல்? பெரிய லைன்கள் ஒருவர் கப்பலில் மற்றவர் இடம் பெறும் ஏற்பாட்டில் இயங்குகின்றன. எடுத்துக்காட்டாக மேர்ஸ்க்கும் ஹபாக்-லாய்டும் 2025 பிப்ரவரி முதல் ஜெமினி என்ற பெயரில் ஒரே வலைப்பின்னலைப் பகிர்ந்து நடத்துகின்றன. ஃபார்வர்டராக இருந்தால் அவரே பல லைன்களில் இடம் வாங்குபவர். இரண்டு வேறு நிறுவனங்களின் விலைப்புள்ளிகள், அடியில் ஒரே கப்பலாக இருக்கக்கூடும். அப்போது பிரித்துக் கொடுத்தும் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அளவு சிதறுவதுதான் மிச்சம்.

இரண்டாம் சுற்று

பேரம் பேசுவதில் தவறில்லை. எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாக, ஒரே முறையாக இருக்க வேண்டும். மூவருக்கும் ஒரே நாளில் கடிதம் போகும். ஒவ்வொருவருக்கும் அவரவர் விலைப்புள்ளியில் எந்த வரி பலவீனமாக இருக்கிறது என்பது மட்டும் சொல்லப்படும். மற்றவரின் எண் சொல்லப்படாது. இரண்டாவது நிறுவனத்திடம் எரிபொருள் கட்டணத்தின் ஏற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு கேட்கலாம். மூன்றாவதிடம் அடிப்படை விலையைக் குறைக்கக் கேட்கலாம். பதினான்கு இலவச நாள் நமக்குத் தேவையில்லை என்பது பதிவேட்டிலிருந்து தெரிவதால், பன்னிரண்டாகக் குறைத்து அதற்கு ஈடாக விலையைக் குறைக்க முடியுமா என்றும் கேட்கலாம். முதல் நிறுவனத்திடம் விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. இலவச நாட்களை 5-லிருந்து 10 ஆக்கச் சொன்னால் போதும்.

அவர்கள் ஒப்புக்கொண்டால் 20 கன்டெய்னர்கள் மட்டும் இரண்டிரண்டு நாள் தாண்டும். 40 நாட்களுக்கு 3,200 டாலர், கன்டெய்னருக்கு 32. மொத்தம் 2,151. மற்ற இரண்டின் முதல் சுற்று மொத்தத்தைவிடச் சுமார் 77 டாலர் குறைவு. நேர்வழிக் கப்பலும் கூட. விலையில் 150 டாலர் தள்ளுபடி கேட்டிருந்தால் விற்பனையாளர் மேலிடத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும், பெரும்பாலும் மறுப்பார். காலிப் பெட்டிகளுக்கு அந்தத் துறைமுகத்தில் அவசரத் தேவை இல்லாதபோது, ஐந்து நாள் கூடுதலாகத் தருவதால் லைனுக்கு ஏற்படும் உண்மையான செலவு அபராத விகிதத்தைவிட மிகவும் குறைவு. ஆகவே அதைக் கேட்டுப் பெறுவது எளிது. எங்கே கேட்டால் கிடைக்கும் என்பதை இந்தக் கணக்கு இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது.

தேர்ந்தெடுக்கப்படாதவர்களுக்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும்: மொத்த மதிப்பில் எத்தனையாவது இடம், எந்த வரியில் பின்தங்கினார்கள் என்ற அளவில். அடுத்த முறை அவர்கள் அந்த வரியைத் திருத்திக்கொண்டு வருவார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால், பதில் எழுதும் சிரமத்தையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வரும் முதல் சில விலைப்பட்டியல்களை அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிட்டே பணம் கொடுக்க வேண்டும். அட்டவணையில் இல்லாத பெயரில், "பெட்டிப் பற்றாக்குறைக் கட்டணம்" என்றோ "நிர்வாகக் கட்டணம்" என்றோ ஒரு வரி வந்தால், ஒப்புக்கொண்ட வரிகளுக்கு உரிய பணத்தை உரிய நாளில் கட்டிவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் அட்டவணையின் கடைசி நிபந்தனையைக் காட்டி, ஆட்சேபம் தெரிவிக்க ஒப்பந்தம் தரும் காலக்கெடுவுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். முதல் பட்டியலிலேயே மறுக்காத வரி, நான்காவது பட்டியலில் வழக்கமான வரியாகிவிடும். டெமரேஜ், டிடென்ஷன் பட்டியலுக்கு, துறைமுக வாசலில் பெட்டி வெளியேறிய சீட்டும், காலிப் பெட்டியை ஒப்படைத்ததற்கு யார்டு தரும் ரசீதும் கையில் இருக்க வேண்டும். லைன் எண்ணிய நாட்களையும் இந்த இரண்டு தாள்களில் உள்ள தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அந்தத் தொகை சரியா என்று சொல்ல முடியும்.